கும்பகோணம் ஆரி பிளவுஸ் கடை: மூணு தடவை விளம்பரம் போட்டாச்சு, வரவு செலவு இதோ

ஊசிநூல்_குடந்தை

எல்லாருக்கும் வணக்கம். கும்பகோணத்துல ஆரி வேலை, கல்யாண பிளவுஸ் தைக்கிற சின்னக் கடை என்னுது. ரெண்டு டெய்லர், ஆரி போட ஒரு அக்கா, அப்புறம் நான். ஒரு பிளவுஸ் 1,500-ல ஆரம்பிச்சு 6,000 வரைக்கும் போகும். இந்த வருஷம் இன்ஸ்டாவுலயும் ஃபேஸ்புக்லயும் காசு கட்டி மூணு தடவை விளம்பரம் போட்டேன். "சூப்பர் ரிசல்ட்"னு சொல்ற வீடியோ நிறைய இருக்கு, கணக்கைக் காட்டுறவங்க யாருமில்ல. அதனால என் நோட்டுல இருக்கிறதை அப்படியே போடுறேன். எங்க தப்புன்னு சொல்லுங்க.

முதல் தடவை, சித்திரையில. ஒரு ரீல்ஸுக்கு நல்ல லைக் வந்துச்சு, கீழயே பூஸ்ட் பட்டன் இருந்துச்சு, அழுத்திட்டேன். ப்ரொஃபைல் பார்க்க வைக்கிற ஆப்ஷன், தமிழ்நாடு முழுக்க, பெண்கள். 3,000 ரூபாய், வரியோட 3,540. லைக் 600-க்கு மேல, புது ஃபாலோயர் 140 பேர். ஆர்டர் ஒண்ணுகூட வரல. விலை கேட்டவங்க ஒன்பது பேர், அதுல நாலு பேர் "கூரியர்ல அனுப்புவீங்களா"ன்னு கேட்டாங்க. அளவு எடுக்காம நான் தைக்கிறதில்ல.

ரெண்டாவது தடவை, ஆனி ஆரம்பத்துல. விளம்பரத்துக்குன்னே இருக்கிற ஆட்ஸ் மேனேஜர் பக்கம் போய், வாட்ஸ்அப்புக்கு மெசேஜ் வர்ற மாதிரி விளம்பரம். கடையில பின் குத்தி 15 கி.மீ. சுத்துவட்டாரம். தினம் 200 ரூபாய், 14 நாள். வரியோட 3,304. 118 பேர் மெசேஜ் பண்ணாங்க. ஒரு மெசேஜுக்கு 28 ரூபாய்தான், ரொம்ப சந்தோஷமா இருந்தேன். ஆனா ஆர்டர் ஏழு. அந்த ஏழுக்கும் சேர்த்து பில் 19,600. துணி, கல், ஜரி, ஆரிக் கூலி போக என் கையில நூத்துக்கு நாற்பது நிக்கும், அதாவது 7,840. விளம்பரச் செலவு கழிச்சா 4,536. மீதி 111 பேர் என்ன ஆனாங்கங்கிறதுதான் என் கேள்வி. மூணாவது இன்னும் ஓடுது, முடிஞ்சதும் எழுதுறேன்.

---

பாலா_டிஜிட்டல்

மேடம், உங்க பிரச்சினை டார்கெட்டிங். 15 கி.மீ.ன்னு விட்டா யார் வேணா வருவாங்க. இன்ட்ரஸ்ட்ல வெட்டிங், சில்க் சாரி, பிரைடல் மேக்கப், எம்பிராய்டரி எல்லாம் போட்டு, வயசு 22-ல இருந்து 32, பெண்கள் மட்டும்னு நறுக்குங்க. ஆடியன்ஸ் எவ்வளவு சின்னதோ அவ்வளவு குவாலிட்டி.

---

விளம்பரக்காரன்_கோவை

பாலா சொல்றது பெரிய ஊருக்குப் பாதி சரி. சென்னை முழுக்கப் போடுறவர் அப்படி நறுக்கினாலும் மிச்சம் சில லட்சம் பேர் இருப்பாங்க. கும்பகோணத்துல 15 கி.மீ. வட்டத்துக்குள்ள அத்தனை வடிகட்டியும் போட்டா மிஞ்சுறது கைப்பிடி. அதே முகங்களுக்கு அதே விளம்பரம் திரும்பத் திரும்பப் போகும், நாலு நாள்ல செலவு ஏறும். ஒரே ஆள் எத்தனை தடவை பார்த்தார்னு காட்டுற ஃப்ரீக்வென்சி கட்டம் மூணு, நாலுன்னு ஏறிட்டே போகுதா பாருங்க, அதுதான் அடையாளம். கல்யாணப் பொண்ணோட அம்மாவுக்கு வயசு 48. காசு கொடுக்கிறது அவங்க. 32-ல வெட்டினா அவங்க கண்ணுல படவே படாது.

அக்கா, ரெண்டாவது விளம்பரத்தோட 118 பேரைப் பிரிச்சு வச்சிருக்கீங்களா? எந்த ஊர், முதல்ல என்ன கேட்டாங்க, எந்த மெசேஜோட நின்னாங்க. வாட்ஸ்அப்பைத் திறந்து ஒவ்வொண்ணா எண்ணுங்க. ஒரு மணி நேர வேலை. ஆட்ஸ் மேனேஜர் இதைச் சொல்லாது. அதுக்குத் தெரிஞ்சதெல்லாம் பேச்சு ஆரம்பிச்சுதா இல்லையாங்கிறதுதான்.

---

புதுக்கடை_தம்பி

அக்கா 140 ஃபாலோயர் 3,540-க்கா? என் ஃப்ரெண்ட் 500 ரூபாய்க்கு ஆயிரம் ஃபாலோயர் வாங்கித் தர்றான். நம்பர் அனுப்பவா?

---

ஊசிநூல்_குடந்தை

தம்பி, அந்த ஆயிரம் பேருக்கும் கழுத்தளவு எடுக்க முடியாதே. வேண்டாம்ப்பா.

கோவை அண்ணா, நேத்து ராத்திரி உட்கார்ந்து எண்ணினேன். 47 பேர் ஒரே ஒரு மெசேஜ்: "Hello! Can I get more info on this?" அதோட சரி. நான் பதில் போட்டதைப் படிச்சிருக்காங்க, நீல டிக் இருக்கு, திரும்ப வாய் திறக்கல. 31 பேர் விலை கேட்டாங்க, சொன்னேன், மாயம். 14 பேர் வெளியூர். இதுதான் புரியல. 15 கி.மீ. வட்டம் போட்டும் சேலம், பெங்களூரு, ஓசூர்னு வர்றாங்க. மீதி 26 பேர் நிஜமா பேசினாங்க, 11 பேர் கடைக்கு வந்தாங்க, ஏழு பேர் கொடுத்தாங்க.

---

விளம்பரக்காரன்_கோவை

வெளியூர்க் கதைக்கு உங்க ஊர்தான் காரணம். முன்னாடி, அந்த இடத்துல குடியிருக்கிறவங்க மட்டும்னு தனியாத் தேர்ந்தெடுக்கலாம். 2023-ல அதை எடுத்துட்டாங்க. இப்போ அங்க குடியிருக்கிறவங்களும் சமீபத்துல வந்து போனவங்களும் ஒண்ணாத்தான் வருவாங்க. நவக்கிரகக் கோயில் சுத்த வந்து லாட்ஜ்ல ஒரு ராத்திரி தங்கிட்டுப் போனவரும் மெட்டா கணக்குல உங்க வட்டத்துக்குள்ளதான். நாச்சியார்கோயில், சுவாமிமலை எல்லாம் அந்த 15 கி.மீ.க்குள்ளயே இருக்கு. அரியலூர்ல ஒருத்தர் இதே மாதிரி போட்டா இத்தனை வெளியூர் வராது.

இதை செட்டிங்ல நிறுத்த முடியாது, விளம்பரத்துலதான் நிறுத்தணும். வீடியோவோட முதல் ரெண்டு செகண்டுக்குள்ள "கும்பகோணம் கடைக்கு நேரில் வந்து அளவு கொடுக்கணும்"னு எழுத்து வரணும். கீழ இருக்கிற வாசகத்தோட முதல் வரியும் அதுவே. சேலத்துக்காரர் தானா நகர்ந்துடுவார்.

அந்த 47 பேரு கதை வேற. விளம்பரத்தைத் தொட்டதும் வாட்ஸ்அப் திறந்து, அந்த ஆங்கில வாசகம் தானா எழுதி நிக்கும். கை பட்டா போயிடும். பாதிப் பேர் என்ன அனுப்பினோம்னு தெரியாமலே அனுப்பினவங்க. விளம்பரம் உருவாக்குற இடத்துல மெசேஜ் டெம்ப்ளேட்னு ஒண்ணு இருக்கும், அதுல இதை மாத்தலாம். வாடிக்கையாளர் ஒரு விஷயம் சொல்லித்தான் ஆகணுங்கிற மாதிரி தமிழ்ல மூணு கேள்வி வைங்க: "முகூர்த்தம் அடுத்த மாசம்", "ரெண்டு மாசம் கழிச்சு", "கல்யாணம் இல்ல, சும்மா விசேஷத்துக்கு". இதுல ஒண்ணைத் தேர்ந்து அனுப்புறவங்ககிட்ட பேச்சு தொடரும்.

ஒரு எச்சரிக்கை. இப்படி மாத்தினா ஒரு மெசேஜோட விலை ஏறும். அதைப் பார்த்துப் பயந்து நிறுத்திடாதீங்க.

---

மீனா_பாபநாசம்

நான் கடைக்காரி இல்ல, அந்த 31 பேர்ல ஒருத்தி மாதிரி. உண்மையைச் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. என் நாத்தனார் பொண்ணு கல்யாணத்துக்கு அஞ்சு கடைக்கு மெசேஜ் போட்டேன். எல்லாரும் "1,500 முதல்"னு ஒரே வரி. அந்த 1,500-க்கு என்ன வேலை கிடைக்கும்னு யாரும் சொல்லல. ஒரு கடையில மட்டும் மூணு போட்டோ வந்துச்சு: கழுத்துக்கு மட்டும் வேலை 1,800, கழுத்தும் கையும் 3,200, முதுகு முழுக்க 5,500. அங்கதான் கொடுத்தேன். அது அஞ்சுலயும் விலை அதிகமான கடை.

இன்னொண்ணு, நான் மெசேஜ் போட்டது ராத்திரி 11 மணிக்கு, வேலையெல்லாம் முடிஞ்சு படுத்தப்புறம். காலையில பத்து மணிக்குப் பதில் வந்தா அப்போ நான் சமையல்ல இருப்பேன், அப்புறம் மறந்துடும்.

---

ஆர்ஓ_சர்வீஸ்_திண்டுக்கல்

நானும் போட்டேன் சார். தண்ணி ஃபில்டர் சர்வீஸ், தினம் 300 ரூபாய், பத்து நாள். ஒருநாள் பார்த்தா 510 எடுத்திருக்கான்! கொள்ளை இல்லையா? பத்து நாளைக்கு ரெண்டே ரெண்டு வீட்டுக்குத்தான் சர்வீஸ் போனேன். வந்த போன்ல பாதி "வேலை இருக்காண்ணே"ன்னு பசங்க. இதெல்லாம் வேஸ்ட், நோட்டீஸ் அடிச்சு பேப்பருக்குள்ள வச்சாலே போதும்.

---

விளம்பரக்காரன்_கோவை

திண்டுக்கல் அண்ணே, அது கொள்ளை இல்ல. தினசரி பட்ஜெட்னு போட்டா ஒரு நாள்ல 75 சதவீதம் வரை கூட எடுப்பாங்க, இன்னொரு நாள் குறைச்சுக்குவாங்க. வாரக் கணக்குல ஏழு மடங்கைத் தாண்டாது. 300-க்கு 525 வரை போகலாம், உங்களுக்கு 510.

உங்க தொழிலுக்கு இது பொருந்தலைங்கிறது வேற காரணம். ஃபில்டர் கெட்டுப்போனவன் இன்ஸ்டாவுல ரீல்ஸ் பார்த்துக்கிட்டு இருக்க மாட்டான், கூகுள்ல "ஆர்ஓ சர்வீஸ் பக்கத்துல"ன்னு தேடுவான். அந்தக் காசை அங்க போடுங்க. இன்ஸ்டா, ஃபேஸ்புக் எல்லாம், தேடாதவன் கண்ணுல பட்டு ஆசை கிளம்புற சாமானுக்கு. ஆரி பிளவுஸ் அந்த ரகம்.

---

ஆர்ஓ_சர்வீஸ்_திண்டுக்கல்

வருஷ கான்ட்ராக்டுக்கு ஒரு ஆஃபர் போட்டப்போ மட்டும் கொஞ்சம் நல்லா வந்துச்சு, அதை ஒத்துக்கிறேன். ஆனா நோட்டீஸ் நோட்டீஸ்தான்.

---

கணக்குப்பிள்ளை_64

அம்மா, 18 சதவீத ஜிஎஸ்டியையும் செலவில் சேர்த்து எழுதியிருக்கிறீர்கள், சரி. நிறைய பேர் அதை விட்டுவிட்டு லாபம் பார்க்கிறார்கள். நீங்கள் சாதாரண முறையில் ஜிஎஸ்டி பதிவு செய்தவராக இருந்தால், விளம்பரக் கணக்கின் பேமென்ட் செட்டிங்கில் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுங்கள். பில்லில் எண் வந்தால் அந்த வரியை உள்ளீட்டு வரவாக எடுத்து, நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழிக்கலாம். காம்போசிஷன் என்றாலோ பதிவே இல்லை என்றாலோ அது செலவுதான்.

இன்னொரு சந்தேகம். நாற்பது சதவீதம் என்கிறீர்களே, அதில் கடை வாடகையும் உங்கள் சம்பளமும் இருக்கிறதா?

---

ஊசிநூல்_குடந்தை

பதிவு இல்லங்கய்யா, வரி முழுக்க என் தலையிலதான். வாடகையும் என் உழைப்பும் அந்த நாற்பதுக்குள்ள இருந்துதான் வரணும். அப்படிப் பார்த்தா ரெண்டாவது தடவை எனக்குக் கூலிகூட நிக்கல, சரிதான்.

மூணாவது முடிஞ்சுது. ஆடி பாதியில ஆரம்பிச்சதை நடுவுல நிறுத்திட்டு, அண்ணா சொன்னபடி புதுசா ஆரம்பிச்சேன். வீடியோவுல முதல்லயே "கும்பகோணம், நேரில் அளவு"ன்னு பெருசா எழுத்து. மூணு கேள்வி தமிழ்ல. மீனாக்கா சொன்ன மாதிரி மூணு போட்டோ, மூணு விலை ரெடியா வச்சுக்கிட்டேன், கேட்ட உடனே அனுப்பிடுவேன். லைஃப்டைம் பட்ஜெட்னு 3,000 போட்டு, காலை 10-ல இருந்து ராத்திரி 9 வரை மட்டும் ஓடுற மாதிரி மணி குறிச்சேன், 15 நாள். வரியோட 3,540.

64 பேர்தான் மெசேஜ். ஒண்ணு 55 ரூபாய், போன தடவை மாதிரி ரெண்டு மடங்கு. மூணாவது நாள் வயித்தைக் கலக்குச்சு, நிறுத்தப் போனேன், அப்புறம் கையைக் கட்டிக்கிட்டு இருந்தேன். அதுல பேசாதவங்க 14, விலை கேட்டுப் போனவங்க 17, வெளியூர் மூணே பேர். நிஜமாப் பேசினவங்க 30. கடைக்கு வந்தது 18, ஆர்டர் 12. பில் 37,200.

---

பாலா_டிஜிட்டல்

பார்த்தீங்களா, 3,540 போட்டு 37,200. பத்து மடங்கு ரிட்டர்ன். இனி பட்ஜெட்டை மூணு மடங்கு ஆக்குங்க, ஆர்டரும் மூணு மடங்கு வரும்.

---

விளம்பரக்காரன்_கோவை

பாலா, மூணு மடங்கு போட்டா மூணு மடங்கு வராது. சின்ன ஊர்ல முதல்ல மாட்டுறவங்க ரொம்ப ஆர்வமா இருக்கிறவங்க. அடுத்த ஆளைப் பிடிக்கச் செலவு கூடும். பில் தொகையை வச்சு மடங்கு சொல்றதும் ஆபத்து. அந்த 37,200-ல அவங்களுக்கு நிக்கிறது நாற்பது சதவீதம்தான்.

அக்கா, ரெண்டு விஷயம் பாருங்க. அந்தப் பன்னெண்டு பேர் நம்பரையும் உங்க பழைய நோட்டோட ஒத்துப் பாருங்க, ஏற்கனவே வாடிக்கையா எத்தனை பேர்? இன்னொண்ணு, இது ஆடியில ஓடினது. ஆவணி முகூர்த்தத்துக்குத் தைக்கக் கொடுக்கிறவங்க ஆடியிலதான் வருவாங்க. போன வருஷம் இதே ரெண்டு வாரம் விளம்பரமே இல்லாம எத்தனை வந்துச்சு?

---

ஊசிநூல்_குடந்தை

ஒத்துப் பார்த்தேன். மூணு பேர் பழைய ஆளுங்க. ஒருத்தங்க என் பக்கத்துத் தெரு, விளம்பரத்தைப் பார்த்துட்டு "உன் கடைதானா, ஞாபகம் வந்துச்சு"ன்னு மெசேஜ் போட்டிருக்காங்க. அவங்க எப்படியும் வந்திருப்பாங்க. அந்த மூணையும் எடுத்துட்டா புது ஆர்டர் ஒன்பது, பில் 28,800. நாற்பது சதவீதம் 11,520, விளம்பரம் போக 7,980. ஒரு புது ஆர்டர் பிடிக்க 393 ரூபாய் ஆகியிருக்கு.

போன வருஷ நோட்டுல அந்த ரெண்டு வாரத்துக்கு தானா நடந்து வந்தது 11 ஆர்டர். இந்த வருஷம் விளம்பரம் இல்லாம வந்தது 9. அப்போ விளம்பரத்தால வந்ததுல ரெண்டு எப்படியும் வர வேண்டியதுதானோன்னு தோணுது. சரியா சொல்லத் தெரியல.

---

விளம்பரக்காரன்_கோவை

இப்படி யோசிக்கிற கடைக்காரரை நான் அதிகம் பார்த்ததில்ல. அந்த ரெண்டைப் பத்தி இவ்வளவு சின்ன எண்ணிக்கையில யாராலயும் உறுதியா சொல்ல முடியாது, விடுங்க. மாசியிலயோ பங்குனியிலயோ ஒரு வாரம் போட்டு ஒரு வாரம் நிறுத்தி, கடைக்கு வர்ற மொத்த ஆளை எண்ணுங்க. அப்போ கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கும்.

ஆம்பளை, பொம்பளை பிரிவு பார்த்தீங்களா? பிரேக்டவுன்ல இருக்கும். பெண்கள்னு நீங்க போட்டாலும், யாருக்குக் காட்டணும்னு மெட்டாவே தேடுற Advantage+ audience ஆன்ல இருந்தா அதை ஒரு யோசனையாத்தான் எடுத்துக்கும், கட்டுப்பாடா எடுத்துக்காது. கண்டிப்பா வேணும்னா அதைக் கட்டுப்பாடா மாத்துற இணைப்பு கீழ இருக்கான்னு பாருங்க.

---

ஊசிநூல்_குடந்தை

பார்த்தேன். விளம்பரம் போய்ச் சேர்ந்ததுல நூத்துக்கு முப்பத்தெட்டு ஆம்பளைங்க. அடப்பாவின்னு மாத்தப் போனேன். அப்புறம் ஆர்டர் கொடுத்தவங்க நம்பரைப் பார்த்தா, ஒன்பதுல ரெண்டு வீட்டுக்காரர் நம்பர். கடைக்கு வந்தது மனைவி, மெசேஜ் வந்தது புருஷன் போன்ல.

---

மீனா_பாபநாசம்

எங்க வீட்டுல என் ஃபேஸ்புக்கே அவர் பேர்லதான் ஓடுது.

---

விளம்பரக்காரன்_கோவை

அப்போ எனக்கே தெரியல, நியாயமாச் சொல்றேன். கோவையில நான் பார்க்கிற கடைகளுக்கு ஆம்பளைங்களை வெட்டினதும் செலவு குறைஞ்சுது. உங்க ஊர்ல வெட்டினா அந்த ரெண்டு ஆர்டர் போயிருக்கும். ஒரு தடவை வெட்டியும் ஒரு தடவை வெட்டாமலும் போட்டுப் பாருங்க, வீடியோவை மட்டும் மாத்தாதீங்க.

மீனாக்கா சொன்ன ராத்திரி விஷயத்துல உங்களோட எனக்குச் சண்டை இருக்கு. ஒன்பது மணிக்கு நிறுத்தினதால அந்தப் பதினோரு மணி அம்மாவை இழந்துட்டீங்க.

---

ஊசிநூல்_குடந்தை

பதினோரு மணிக்கு யாருண்ணா பதில் போடுறது? பதில் போடாத மெசேஜுக்கும் காசு போகுது. அந்த நேரத்துல தானா மூணு போட்டோ போற மாதிரி வச்சா என்னன்னு யோசிக்கிறேன், இன்னும் செய்யல.

அப்புறம் ஒண்ணு கேட்கணும்னு இருந்தேன். இதுக்கெல்லாம் முன்னாடி இங்க ஒரு ஏஜென்சிக்கு ரெண்டு மாசம் கொடுத்தேன். மாசம் 8,000, விளம்பரக் காசு தனி. மாசக் கடைசியில "ரீச் ஒன்றரை லட்சம்"னு ஒரு பிடிஎஃப் வரும். ஆர்டர் எத்தனைன்னு கேட்டா பேச்சை மாத்துவாங்க. நிறுத்தினப்புறம் பழைய விளம்பரம் எதுவும் என் கணக்குல காணோம். அது எங்க போச்சு?

---

விளம்பரக்காரன்_கோவை

விளம்பரக் கணக்கை அவங்க பேர்ல திறந்திருப்பாங்க. உங்க காசுல ஓடினது, ஆனா சொத்து அவங்களுது. திரும்ப வாங்குறது கஷ்டம். யாருக்குக் கொடுத்தாலும் கணக்கை நீங்க உங்க பிசினஸ் செட்டிங்ல திறந்து, அவங்களுக்கு பார்ட்னரா அனுமதி மட்டும் கொடுங்க. நானும் ஏஜென்சிதான், என் வாடிக்கையாளர்கிட்ட அப்படித்தான் சொல்றேன். கணக்கு கொடுக்க மாட்டேன்னு சொல்றவன்கிட்ட போகாதீங்க.

---

பாலா_டிஜிட்டல்

எல்லா ஏஜென்சியும் அப்படியில்ல மேடம். சின்னக் கடைக்காரங்களுக்கு செட்டப் பண்ணத் தெரியாது, அதனாலதான் நாங்க எங்க கணக்குல போடுறோம்.

---

கணக்குப்பிள்ளை_64

பில் யார் பெயரில் வருகிறது பாலா சார்?

---

ஊசிநூல்_குடந்தை

பாலா சார் பதில் போட்டதும் படிக்கிறேன். இப்போதைக்கு விளம்பரத்தை நிறுத்தி வச்சிருக்கேன். ஆரி அக்கா ஒரு கை வேலைக்கு ரெண்டு நாள் எடுக்கிறாங்க, ஃப்ரேம் ரெண்டுதான் இருக்கு. ஆவணி இருபது வரைக்கும் தேதி ஃபுல். இன்னைக்குக் காலையில வந்த பொண்ணுக்கு, "முடியாதும்மா"ன்னு சொல்லி அனுப்ப வேண்டியதாப் போச்சு. காசு கொடுத்துக் கூப்பிட்டுட்டு வாசல்ல நிக்க வச்சுத் திருப்பி அனுப்புறது நல்லா இல்ல.

அண்ணா, புரட்டாசியில திரும்ப ஆன் பண்ணினா அதே விளம்பரம் அதே மாதிரி ஓடுமா, இல்ல புதுசா ஆரம்பிக்குமா?

---

விளம்பரக்காரன்_கோவை

ஏழு நாளுக்கு மேல நிறுத்தினா, யாருக்குக் காட்டலாம்னு மெட்டா கத்துக்கிற லேர்னிங் கட்டம் திரும்ப முதல்ல இருந்து. ஆனா உங்க அளவுக்கு அதைப் பத்திக் கவலைப்பட ஒண்ணுமில்ல. அந்தக் கட்டம் தாண்ட வாரத்துக்கு 50 மெசேஜ் வேணும், உங்களுக்கு 30 தான் வருது. லேர்னிங் லிமிடெட்னுதான் காட்டிக்கிட்டு இருந்திருக்கும், அதோடயேதான் ஒன்பது ஆர்டர் வந்திருக்கு. புரட்டாசியில போட வேண்டாம், முகூர்த்தம் இல்ல. ஐப்பசி முகூர்த்தத்துக்குப் புரட்டாசிக் கடைசி வாரத்துல ஆன் பண்ணுங்க, அதுக்குள்ள மூணாவது ஃப்ரேம் ஒண்ணு வாங்கிடுங்க.

---

ஊசிநூல்_குடந்தை

ஃப்ரேம் வாங்கிடலாம். போடுறதுக்கு இன்னொரு அக்கா கிடைக்கணுமே. பாபநாசம், சுவாமிமலை பக்கம் ஆரி தெரிஞ்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. இதுக்கும் விளம்பரம் போட்டா திண்டுக்கல் அண்ணன் சொன்ன "வேலை இருக்காண்ணே" பசங்கதான் வருவாங்க போல.